பவரை ரத்து செய்துவிட்டு வாய்மூடி இருக்காதீர்கள்

திருவையாறு பக்கம் ஆறு மா நஞ்சை வைத்திருந்த ஒரு பெரியம்மா, மகனோடு சென்னையில் தங்கப் போனபோது தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தைத் தம்பி மகனுக்கு எழுதிக் கொடுத்தார். குத்தகை நெல்லுக்குக் கணக்கு வரவில்லை. நிலத்துக்கு அவன் விலை பேசுவதாகவும் காதில் விழுந்தது. பெரியம்மா சார்பதிவாளர் அலுவலகம் போய் ரத்து ஆவணம் பதிந்தார். "சொன்னால் சண்டை வரும், எதற்கு?" என்று அவனிடம் பேசாமல் சென்னை திரும்பிவிட்டார். பதினோராம் நாள், பழைய பவரைக் காட்டி அவன் பக்கத்து வயல்காரரிடம் மூன்று லட்சம் முன்பணம் வாங்கி ஒப்பந்தம் எழுதிவிட்டான்.

தவறு அந்த மௌனத்தில்தான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவுப்படி, ரத்து ஆனது பவர் வாங்கியவருக்குத் தெரிந்த பிறகுதான் அவரைக் கட்டுப்படுத்தும். மூன்றாம் ஆளுக்கோ அது அவருக்குத் தெரிந்த பிறகுதான். "எனக்குத் தெரியாதே" என்று பக்கத்து வயல்காரர் கோர்ட்டில் சொன்னால் பெரியம்மாவுக்குத்தான் சிக்கல்.

அதனால் ரத்து பதிந்த அன்றே வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். பவரின் ஆவண எண், ரத்தின் எண், சர்வே எண் எல்லாம் எழுதி, அசல் பவரையும் மூலப் பத்திரத்தையும் திருப்பிக் கேட்டு, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தி கூடுதலாக இருக்கட்டும், அதை மட்டும் நம்பாதீர்கள். "வாங்க மறுத்தார்" என்று கவர் திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், கோர்ட்டில் அது பேசும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் "இனி பவர் இல்லை" என்று சொன்னதோடு விடுவதும் இதே ரகத் தவறுதான்.

அப்புறம் மற்றவர்கள். குத்தகைக்காரர், கூட்டுறவுச் சங்கம், விலை கேட்டு வந்தவர் எல்லோருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பகுதியில் ஓடும் தமிழ் நாளிதழில் சர்வே எண்ணோடு அறிவிப்பு போடுங்கள். பவரை வேறு அலுவலகத்தில் பதிந்திருந்தால், நிலம் இருக்கும் எல்லைக்குரிய சார்பதிவாளரிடமும் ரத்தின் நகலோடு மனு கொடுங்கள். சில வாரத்துக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ஆனால் பழைய பவர் பலவும் வில்லங்கத்தில் வராது என்பதால், வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்று அசந்துவிடக் கூடாது.

ரத்துக்கு முன்பே கிரயம் நடந்திருந்தால், ரத்து அதைத் தானாகக் கலைக்காது. அதற்குத் தனி வழக்கு, வாங்கிய பணத்துக்குக் கணக்குக் கேட்டு இன்னொன்று. பணம் வாங்கிக்கொண்டு, அந்தச் சொத்தில் பவர் வாங்கியவருக்கு உரிமை உண்டாகும்படி கொடுத்த பவர் என்றால் 202ஆம் பிரிவு ரத்துக்கே குறுக்கே நிற்கும். அதை முதலிலேயே வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெரியம்மா கடைசியில் அந்த ஒப்பந்தம் தன்னைக் கட்டாது என்று தஞ்சாவூர் கோர்ட்டில் வழக்குப் போட்டு, நிலத்தை விற்காதபடி இடைக்காலத் தடையும் கேட்டிருக்கிறார்.