வயலைக் குறுக்கே கடந்தால் எவ்வளவு மிச்சம்? கணக்கில் வழக்கமாக வரும் தவறுகள்

80 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம் உள்ள ஒரு செவ்வக வயல். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போக வேண்டும். வரப்பு வழியாக நடந்தால் 80 + 60 = 140 மீட்டர். நேராகக் குறுக்கே போனால் பிதாகரஸ் தேற்றத்தின்படி 6400 + 3600 = 10,000; அதன் வர்க்கமூலம் 100. ஆக, மிச்சம் 40 மீட்டர்.

இதில் அதிகம் பேர் சறுக்கும் இடம் வர்க்கமூலம்தான். 6400க்கும் 3600க்கும் தனித்தனியே வர்க்கமூலம் எடுத்துக் கூட்டினால் மறுபடி 140தான் வரும், மிச்சமே இல்லை என்று ஆகிவிடும். முதலில் கூட்ட வேண்டும், அப்புறம்தான் வர்க்கமூலம். ஏன் என்று பார்த்தால் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரியும். 140-இன் வர்க்கம் 19,600. அதில் 6400, 3600 போக, 2 × 80 × 60 = 9600 என்று ஒரு பங்கு இருக்கிறது. மூலைவிட்டத்தின் வர்க்கத்தில் அந்தப் பங்கு கிடையாது. வயலின் பரப்பைப் போல இரண்டு மடங்கு அது.

அதனால்தான் மிச்சம் வயலின் வடிவத்தைப் பொறுத்து மாறுகிறது. எல்லா வயலுக்கும் ஒரே சதவீதம் என்று நினைப்பது அடுத்த தவறு. வரப்பு வழி அதே 140 மீட்டராக இருக்கட்டும். வயல் 70-க்கு 70 சதுரம் என்றால் குறுக்கு வழி சுமார் 99 மீட்டர், மிச்சம் 41. இது 29 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும்; செவ்வக வயலில் இதற்கு மேல் மிச்சம் கிடைக்காது. 120-க்கு 20 என்று ஒடுங்கிய வயலில் குறுக்கு வழி ஏறக்குறைய 121.7 மீட்டர். மிச்சம் 18 மீட்டர் சொச்சம், அதாவது 13 சதவீதம்.

விடை சரியா என்று சட்டென்று பார்க்க ஒரு வழி உண்டு. குறுக்கு வழி நீளமான பக்கத்தைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கும். ஆகவே மிச்சம் சின்னப் பக்கத்தை எட்டவே எட்டாது. எட்டினால் கணக்கில் எங்கோ பிழை.

சிலர் வயலுக்குள் படிக்கட்டு மாதிரி கொஞ்சம் நீளவாக்கில், கொஞ்சம் அகலவாக்கில் மாறி மாறிப் போனாலும் தூரம் குறையும் என்று நம்புகிறார்கள். குறையாது. நீளவாக்கில் வைத்த நடையெல்லாம் சேர்ந்து 80, அகலவாக்கில் 60. படிகளை எவ்வளவு சிறிதாக்கினாலும் மொத்தம் 140தான். சாய்வாக நடந்தால்தான் மிச்சம்.

இதெல்லாம் வரப்புகள் சந்திக்கும் மூலை செங்கோணமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். சந்தேகம் இருந்தால், நீங்கள் திரும்பும் மூலையிலிருந்து ஒரு வரப்பில் 3 மீட்டரும் மற்றதில் 4 மீட்டரும் அளந்து குறி வையுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 5 மீட்டர் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் மூலை விரிந்திருக்கிறது, மிச்சம் குறையும். அதே 80, 60 வரப்புகள் 100 பாகையில் சந்தித்தால் குறுக்கு வழி 108 மீட்டர் ஆகி, மிச்சம் 32 மீட்டராகச் சுருங்கிவிடும்.