ஒரு சொல்லை நம்பிப் பொருத்தாதீர்கள்: சட்டவியல் கேள்விகளில் வரும் தவறுகள்

சட்டவியல் தாளில், சட்டம் பற்றிய கூற்றுகளைச் சிந்தனைப் பள்ளிகளோடு ‘பொருத்துக’ என்ற கேள்வி வந்ததும், கூற்றில் கண்ணில் படும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விடைக்கு ஓடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ‘மக்கள்’ என்றால் சமூகவியல் பள்ளி, ‘நீதிமன்றம்’ என்றால் எதார்த்தவாதம், ‘அனுபவம்’ என்றால் வரலாற்றுப் பள்ளி. கேள்வி தயாரிப்பவருக்கும் இந்தப் பழக்கம் தெரியும்.

முதல் கூற்று இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ‘சட்டம் இயற்றப்படுவதில்லை, மக்களின் பொது உணர்விலிருந்து மொழியைப் போல வளர்கிறது.’ இரண்டாவது: ‘சட்ட வளர்ச்சியின் மையம் சட்டமன்றத்திலோ தீர்ப்பிலோ இல்லை, சமூகத்திலேயே இருக்கிறது.’ இரண்டும் சட்டமன்றத்தைப் பின்னுக்குத் தள்ளி மக்களை முன்னே நிறுத்துகின்றன. ஆனால் முதலாவது, சட்டம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறது. அது சாவினி, வரலாற்றுப் பள்ளி. ஜெர்மனிக்கு ஒரே சிவில் சட்டத் தொகுப்பு வேண்டும் என்ற குரலை 1814-இல் அவர் எதிர்த்ததும் இந்த அடிப்படையில்தான். இரண்டாவது, இன்று மக்கள் உண்மையில் எந்த விதிப்படி நடக்கிறார்கள் என்று கேட்கிறது. அது எர்லிக், சமூகவியல் பள்ளி. அவர் சொன்ன ‘வாழும் சட்டம்’ பழங்காலத்து வழக்கம் அல்ல, இப்போது நடைமுறையில் இருப்பது. ‘வளர்ந்தது’ என்கிறதா, ‘இயங்குகிறது’ என்கிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

சரி, நீதிமன்றத்துக்கு வருவோம். ‘நீதிமன்றங்கள் ஏற்று நடைமுறைப்படுத்தும் விதிகளே சட்டம்.’ இதை எதார்த்தவாதத்தோடு சேர்த்துவிடுவார்கள். உண்மையில் இது சால்மண்டின் வரையறை, பகுப்பாய்வுப் பள்ளி. இங்கே விதிதான் முக்கியம். அதற்குச் சட்டம் என்ற தகுதி எப்படிக் கிடைக்கிறது என்பதே கேள்வி, நீதிமன்றம் அந்தத் தகுதிக்கு முத்திரை. ‘நீதிமன்றங்கள் உண்மையில் என்ன செய்யும் என்ற கணிப்பே சட்டம்’ என்று வந்தால் அது ஹோம்ஸ் 1897-இல் சொன்னது, எதார்த்தவாதம். இங்கே விதி பின்னால் போய், நீதிபதி என்ன செய்வார் என்பது முன்னே வருகிறது. ‘விதி’, ‘கணிப்பு’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் மதிப்பெண் இருக்கிறது.

ஹோம்ஸின் இன்னொரு கூற்றும் வம்பு பிடித்தது: ‘சட்டத்தின் உயிர் தர்க்கம் அல்ல, அனுபவம்.’ 1881-இல் எழுதியது. ‘அனுபவம்’ என்றதும் சாவினியிடம் போய்விடாதீர்கள். தீர்ப்பைத் தர்க்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை, காலத்தின் தேவையும் நீதிபதியின் முன்முடிவுகளும்கூட அதில் கலக்கின்றன என்பதே அவர் வாதம். அதனால் எதார்த்தவாதத்தில் வைப்பதுதான் வழக்கம்.

ஆஸ்டினின் ‘இறையாளரின் கட்டளை’, பவுண்டின் ‘சமூகப் பொறியியல்’ இரண்டிலும் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. அவற்றை முதலில் பொருத்திவிட்டு, மிச்சமுள்ள கூற்றுகளுக்கு நேரம் கொடுங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை: பட்டியலில் பள்ளிக்குப் பதில் அறிஞர் பெயர்கள் இருந்தால், ஒரே பள்ளியிலிருந்து இருவர் வரலாம். ஆஸ்டினும் சால்மண்டும் சேர்ந்து நின்றால், ‘கட்டளை’ இருக்கும் கூற்று ஆஸ்டினுக்கு, ‘நீதிமன்றம்’ இருப்பது சால்மண்டுக்கு.