கிளினிக்கின் பழைய நெட்வொர்க் சுவிட்சுகளை மாற்றக் கோரி மெமோ எழுதுவது எப்படி?

மெமோவைப் படிக்கப்போகும் மேலாளருக்கு வி-லேன் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. பில்லிங் ஏன் நின்றது, மறுபடி நிற்காமல் இருக்க எவ்வளவு செலவாகும் என்பதுதான் அவருக்கு வேண்டும். எழுத்தை அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 1: நடந்த ஒரு பாதிப்பைக் கணக்காக்குங்கள். வரவேற்பு மேசையைத் துடைக்கும்போது கழன்று கிடந்த கேபிளின் இரு முனைகளையும் யாரோ ஒரே சுவிட்சில் செருகிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இதுதான் லூப். நாம் எதையும் அமைக்க முடியாத சாதாரண அன்மேனேஜ்டு சுவிட்ச், எல்லோருக்குமான தரவு பாக்கெட்டை எல்லா போர்ட்டிலும் அனுப்பும். அது அந்தக் கேபிள் வழியே திரும்பி வந்து முடிவில்லாமல் சுற்றும். எல்லா விளக்குகளும் ஒன்றாக, இடைவிடாமல் மின்னும். பில்லிங், லேப், எக்ஸ்ரே மூன்றும் நிற்கும். எந்த போர்ட் என்று சுவிட்ச் சொல்லாது. கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு 45 நிமிடம் ஆனது, டோக்கன் பதிவேட்டில் மணிக்கு 20 பேர் என்றால், 15 பேர் காத்திருந்தார்கள். இந்த எண்ணை உங்கள் பதிவேட்டிலிருந்து எடுங்கள். உத்தேசமாக எழுதினால் முதல் கேள்வியிலேயே மெமோ விழுந்துவிடும்.

படி 2: கோரிக்கையை முதல் பத்தியில் வையுங்கள். உதாரணமாக:

> "வரவேற்பு, லேப், எக்ஸ்ரே அறைகளில் உள்ள 3 சுவிட்சுகளை மேனேஜ்டு சுவிட்சுகளாக மாற்ற அனுமதி கோருகிறோம். இவற்றில் லூப் தடுப்பை அமைத்துவிட்டால், தவறாகச் செருகிய போர்ட் தானாக அடைபடும். எந்த போர்ட் என்பதும் பதிவாகும். நோயாளிகளுக்கான வைஃபையை மருத்துவக் கருவிகளிடமிருந்து பிரிக்கவும் முடியும்."

படி 3: மறைந்திருக்கும் செலவைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான மெமோக்கள் சறுக்குவது இங்கேதான். நெட்வொர்க்கை வி-லேன்கள் எனும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்தால், அவற்றுக்கிடையே எது போகலாம், எது கூடாது என்று தீர்மானிக்க வி-லேன் தெரிந்த ரூட்டரோ ஃபயர்வாலோ வேண்டும். இப்போதைய ரூட்டர் அதற்கு உதவாது என்றால் அதன் விலையையும் அதே மெமோவில் சேருங்கள். ஒப்புதல் வாங்கியபின் இரண்டாவது முறை பணம் கேட்டால் நம்பிக்கை போய்விடும்.

எக்ஸ்ரே கருவியின் ஐபி முகவரி பெரும்பாலும் கைமுறையாகப் பதித்திருக்கும். மாற்ற வேண்டுமானால் கருவி நிறுவனத்தின் பொறியாளர் வர வேண்டியிருக்கலாம். அதனால் கருவியையும் அது படம் அனுப்பும் சர்வரையும் பழைய முகவரிகளிலேயே விட்டுவிட்டு, வைஃபையைப் புதிய வி-லேனுக்கு நகர்த்துங்கள். இதை மெமோவில் ஒரு வரியில் குறிப்பிட்டால், "எக்ஸ்ரே நின்றுவிடாதா?" என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

படி 4: மாற்றும் நாளை எழுதுங்கள். கிளினிக் மூடியிருக்கும் நேரம், ஒரு நேரத்தில் ஒரு சுவிட்ச். கழற்றுமுன் ஒவ்வொரு கேபிளிலும் போர்ட் எண்ணை ஒட்டுங்கள். மாற்றியதும் ஒரு சோதனை பில்லும் ஒரு சோதனை எக்ஸ்ரே படமும் அனுப்பிப் பாருங்கள். ஏதாவது ஒன்று போகாவிட்டால் பழைய சுவிட்சையே திரும்ப மாட்டிவிடலாம். ஆகவே பழையவற்றை ஒரு மாதமாவது அலமாரியில் வைத்திருப்போம் என்பதையும் எழுதுங்கள்.

கடைசியாக இரண்டு விலைப்புள்ளிகளை இணைத்து, கையெழுத்துக்கு இடம் விடுங்கள்.