லிங்க்டினில் முன்பின் தெரியாதவர் கோரிக்கை வந்தால்

முன்பெல்லாம் லிங்க்டினில் வந்த கோரிக்கைகளை எல்லாம் ஏற்றுக்கொண்டிருந்தேன், பலன் என்னவென்றால் காலையில் இன்பாக்ஸைத் திறந்தாலே காப்பீடும் கோர்ஸும் விற்கிற மெசேஜ்கள்தான். இப்போது இரண்டைப் பார்க்கிறேன்: என் துறையிலோ நான் போக நினைக்கும் கம்பெனியிலோ இருக்கிறாரா, ஏன் இணைய விரும்புகிறார் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறாரா. இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

சிக்கல், குறிப்பே இல்லாமல் வரும் ரெக்ரூட்டர்தான். போன மாதம் அப்படி ஒருவர் வந்தார், பெரிய கம்பெனி எச்ஆர் என்று போட்டிருந்தது. புரொஃபைலில் More அழுத்தி About this profile பார்த்தால் கணக்கு எப்போது தொடங்கியது, எதையாவது சரிபார்த்திருக்கிறார்களா என்று தெரியும். அந்தக் கணக்குக்கு வயது ஒரு மாதம்கூட இல்லை, சரிபார்ப்பும் இல்லை. அது மட்டுமே போலி என்பதற்கு ஆதாரம் ஆகாது, புதிதாகச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். அதனால் ஏற்றுக்கொண்டு, “எந்த வேலைக்கு, எந்த ஊரில்?” என்று கேட்டேன். பதிலில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, டெலிகிராமுக்கு வரச் சொன்னார். சரி, அன்றே தொடர்பை நீக்கிவிட்டேன், நீக்கினால் அவருக்கு அறிவிப்பு போகாது. Ignore அழுத்தினாலும் அப்படித்தான், அதற்காகச் சங்கடப்பட வேண்டாம்.