ஓமத் தண்ணீரில் தீராத வயிற்று வலி: கர்ப்பகால பிரஷரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசவ வார்டில் இரவு டூட்டி பார்க்கும் எனக்கு, "சாயங்காலமே வந்திருக்கலாமே" என்று சொல்ல வேண்டி வருவது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கதைக்குத்தான். தலைப்பிரசவம், 34 வாரம். மதியத்திலிருந்து நெஞ்சுக்குக் கீழே, மேல் வயிற்றில் வலி. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார், அப்புறம் கேஸ் மாத்திரை. இரவு 9 மணிக்கு வாந்தி, கண் முன்னால் மின்மினி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றதும் ஆட்டோ பிடித்து வந்தார்கள். பிரஷர் 164/112. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் மூன்று பிளஸ்.

அது கேஸ் வலி இல்லை. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வரைக்கும் கொண்டுபோகக் கூடிய நோயான பிரீ-எக்ளாம்ப்சியாவில் கல்லீரல் வீங்கி, அதன் மேலுறை இழுபடும்போது வலது விலா எலும்புக்குக் கீழேயோ நடுவிலோ இப்படி வலிக்கும். 20 வாரத்துக்கு மேல் போன கர்ப்பிணிக்குப் புதிதாக இந்த இடத்தில் வலி வந்தால், ஓமத்தை எடுப்பதற்கு முன் பிரஷர் பார்க்க வேண்டும். மாத்திரைக்கு அடங்காத தலைவலி, பார்வை மங்குவது, மூச்சுத் திணறல் இவற்றுக்கும் அதேதான். கால் வீக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் சாதாரணம். ஒரே வாரத்தில் முகமும் கையும் உப்பி மோதிரம் கழற்ற முடியாமல் போனால் சந்தேகப்பட வேண்டும். வீக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்த தவறு எண்களில். 140/90 தான் எல்லைக்கோடு. மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று தொட்டாலும் போதும். "மேல சரியாத்தானே இருக்கு" என்று 130/94-ஐ விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தும் அப்படியே இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம்தான். கூடவே சிறுநீரில் புரதமோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்களில் கோளாறோ இருந்தால் பிரீ-எக்ளாம்ப்சியா. ஆனால் 160/110 வந்தால் நான்கு மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது. 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து உறுதி செய்து, உடனே மருந்து தொடங்க வேண்டும். இல்லையென்றால் மூளையில் ரத்தக் கசிவு வரைக்கும் போகும். இன்னொன்று: மாடிப்படி ஏறி வந்த கையோடு பார்க்கக் கூடாது, ஐந்து நிமிடம் உட்காரவிட்டு, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி வைத்துப் பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும்.

அந்தப் பெண்ணுக்கு பிரஷர் மருந்து கொடுத்ததும் ஒரு மணி நேரத்தில் 146/96-க்கு இறங்கியது. அதற்குக் கீழே வேகமாக இறக்கினால் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். மெக்னீசியம் சல்பேட் ஊசியை எடுத்தபோது கணவர் கேட்டார்: "பிரஷர்தான் இறங்கிடுச்சே சிஸ்டர், ஃபிட்ஸும் வரல. அப்புறம் எதுக்கு இது?"

நியாயமான கேள்விதான். மெக்னீசியம் பிரஷருக்கான மருந்தே இல்லை, மூளைக்கானது. எண் இறங்கினாலும் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்துகொண்டிருக்கலாம், நரம்பு செல்கள் தூண்டப்பட்ட நிலையிலேயே இருக்கலாம். மெக்னீசியம் அந்தத் தூண்டலை அடக்குகிறது, மூளைக்குழாய்களின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது என்று கருதுகிறார்கள். 2002-இல் வெளியான மேக்பை ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த சுமார் 10,000 பெண்கள் இருந்தார்கள். மெக்னீசியம் பெற்றவர்களுக்கு வலிப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. வலிப்பு வந்த பிறகு கொடுக்கிற மருந்து மட்டும்தான் இது என்று காத்திருப்பது அதனால்தான் தவறு.

முதலில் 4 கிராம் நரம்பில் மெதுவாக ஏற்றினோம். உடம்பெல்லாம் சூடு பரவுகிறது என்று பயந்தார். அது பலருக்கும் வருவது, முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் பாதி போய்விடும். பிறகு இரு பிட்டத்திலும் 5 கிராம் வீதம். அதற்கப்புறம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை 5 கிராம். ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் மூன்று விஷயம் பார்ப்போம்: முழங்காலில் தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா. மெக்னீசியம் சிறுநீரில்தான் வெளியேறும்; அது குறைந்தால் மருந்து உடம்பிலேயே தேங்கும். முதலில் கால் துள்ளல் நிற்கும், அதன் பிறகுதான் மூச்சு நிற்கும். அதனால் கால் துள்ளவில்லை என்றால் அடுத்த ஊசி கிடையாது. மூச்சு குறைந்தால் கொடுக்க 10 மில்லி கால்சியம் குளுக்கோனேட் கட்டில் பக்கத்திலேயே இருக்கும்.

மறுநாள் காலை குழந்தை பிறந்தது. "எல்லாம் முடிஞ்சுதே, ஊசியை நிறுத்தலாமே" என்றார் அம்மா. பிரசவம் ஆகி 24 மணி நேரம் வரைக்கும் தொடர்ந்தோம். பிரஷர் மறுபடி உச்சத்துக்குப் போவது மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள், பெரும்பாலும் வீட்டில் இருக்கும்போது. அப்போது வருகிற தலைவலியைத் தலைக்கு ஊற்றியதால் வந்தது என்று தைலம் தடவிக்கொண்டு இருப்பார்கள். டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்: ஆறு வாரத்துக்குள் தலைவலியோ கண் மங்கலோ வந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வாசலிலேயே முதல் வார்த்தையாக "இவளுக்கு இப்பதான் பிரசவம் ஆச்சு, பிரஷர் இருந்துச்சு" என்று சொல்லுங்கள்.