தையல்காரரைக் கதாபாத்திரமாக்கும்போது தவிர்க்க வேண்டியவை

கதைப் பட்டறைகளில் புதியவர்கள் எழுதித் தரும் கதைகளில் தையல்காரர் அடிக்கடி வருகிறார். ஆனால் அவர் தொழில் கதைக்குள் வருவதில்லை.

மிஷினை மிதித்துக் கதையை முடிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். மயிலாப்பூரில் நடக்கும் ஒரு கதை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, மணப்பெண்ணின் பட்டு ரவிக்கை இறுக்குகிறது. தையல்காரர் விடிய விடிய மிஷினை மிதித்துப் புதிதாக ஒன்று தைத்துவிடுகிறார். சரி, துணி எங்கிருந்து வந்தது? புடவையோடு வந்த ரவிக்கைத் துண்டு ஒன்றே ஒன்று. அது வழக்கமாக 80 செ.மீ. அளவுதான் இருக்கும். அதைத்தான் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதே!

தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதைச் சேர்க்க முடியாது. பெரிய கடைகளில் கத்தரியை கட்டிங் மாஸ்டர் வைத்துக்கொண்டு, தைப்பதை மற்றவர்களுக்குக் கொடுப்பது இதனால்தான். ஆகவே கதையின் சிக்கலை வெட்டு மேசையில் தேடுங்கள். மணப்பெண் முழங்கை வரை கை கேட்டிருப்பாள். துணி போதாது. "முடியாதும்மா" என்று சொல்லத் தயங்கிய மாஸ்டர், பக்கத் தையலுக்கு உள்ளே விட வேண்டிய துணியைக் குறைத்துக் கைக்குத் துணி எடுத்திருப்பார். இப்போது பிரித்துவிட உள்ளே துணி இல்லை. கொஞ்சம் இருந்தாலும் பட்டில் பழைய ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். கைக்குழி பிடித்தால், அக்குளில் ஒரு சிறு துண்டு வைத்துத் தைக்கலாம். கையை இறக்கி வைத்தால் வெளியே தெரியாது. அதற்கு வெட்டும்போது விழுந்த மிச்சத் துணி வேண்டும். அதைப் பையில் போட்டு வாடிக்கையாளரிடம் கொடுத்தாரா, பெருக்கித் தள்ளினாரா? கதை இங்கே நகரத் தொடங்குகிறது. மாஸ்டரின் சுபாவமும் இதே இடத்தில் வெளிப்படுகிறது.

ஊசி, நூல் உவமைகள்

வேண்டாம்.

அவர் பார்ப்பதை எழுதாமல் விடுவது

தையல்காரர் முகத்துக்கு முன்னால் தோளைப் பார்க்கிறார். ஒரு தோள் இறங்கியிருந்தால், இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வெட்டினால் சரியாக உட்காராது என்று அவருக்குத் தெரியும். அவர் மனதில் எழும் ஒப்பீடுகளும் அப்படிப்பட்ட கணக்குகளாகவே இருக்கும்: எங்கே இழுக்கும், எங்கே தொங்கும், எவ்வளவு விட வேண்டும்.

அப்புறம் அந்த அளவு ரவிக்கை. வாடிக்கையாளர் கொடுத்துவிட்டுப் போகும் பழைய ரவிக்கையை அவர் முதலில் உட்புறம் திருப்பிப் பார்ப்பார். பக்கத் தையல் இரண்டு தடவை பிரித்து விடப்பட்டு, கடைசியில் முன்பைவிட உள்ளே தள்ளிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த அக்கா சில வருடங்களாகப் பருமனாகி வந்து, பிறகு இளைத்திருக்கிறார். இளைத்த காரணம் தையல்காரருக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டார், "இதே அளவு போதுமாக்கா?" என்பதைத் தவிர. அந்தக் கேள்விக்கு அக்கா சொல்லும் பதிலை எழுதுங்கள்.