400 பங்கிலிருந்து 40 பங்குக்கு

அம்பத்தூரில் வேலை பார்த்தபோது, சேர்த்து வைத்த 40,000 ரூபாயை, பங்கை வாங்கி அன்றைக்கே விற்றுவிடும் இன்ட்ராடே வர்த்தகத்தில் போட்டேன். கையிலிருக்கும் பணத்தைப் போல 5 மடங்குக்கு வாங்கவிடும் லீவரேஜை புரோக்கர் கொடுத்ததால் 500 ரூபாய் பங்கில் 400 வாங்க முடிந்தது. குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் தானாக விற்றுவிடும் ஸ்டாப்லாஸ் போடவில்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது விலை 470. பங்கு இறங்கியது 6 சதவீதம்தான், ஆனால் என் பணத்தில் 12,000 போய்விட்டது. சாதம் தொண்டையில் இறங்கவில்லை. விட்டதைப் பிடிக்க அடுத்த மூன்று நாளும் முழு லீவரேஜில் இறங்கினேன். மிஞ்சியது 9,000.

மறுபடி 40,000 சேர்க்க பல மாதம் ஆனது. இந்த முறை கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். எவ்வளவு வாங்க முடியும் என்று பார்ப்பதில்லை. தப்பானால் எவ்வளவு போகலாம் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு டிரேடுக்கு 1 சதவீதம், அதாவது 400 ரூபாய். 500-க்கு வாங்கி 490-இல் ஸ்டாப்லாஸ் என்றால் பங்குக்கு 10 ரூபாய் நஷ்டம். ஆக 40 பங்குதான். மொத்தம் 20,000 ரூபாய், லீவரேஜே தேவைப்படவில்லை!

வாங்கியவுடன் ஸ்டாப்லாஸ் ஆர்டரையும் போட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்வதில்லை. விலை மளமளவென்று சரியும்போது 490-க்குக் கீழேயும் விற்கும், அப்போது 400 என்பது 450 ஆகும். சரி, அது தாங்கக்கூடியது. ஒரே நாளில் இரண்டு நஷ்டம் வந்தால் ஆப்பை மூடிவிடுகிறேன்.